புதுச்சேரி வீட்டு வாசிப்பறை: பிரம்பு, பிரம்புப் பின்னல், அடித்த இரும்பு – படத்துக்கான முழு ப்ராம்ப்ட்

முதன்மைப் படம்

உண்மையான அறையில் எடுத்த உள்ளரங்கப் புகைப்படம். 4:5 செங்குத்துச் சட்டம், 1600 × 2000 பிக்சல். முழுச் சட்ட கேமரா, 35 மிமீ லென்ஸ், எஃப்/8, கேமரா உயரம் 1.1 மீட்டர். செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கின்றன, எதுவும் சாயவில்லை.

இடம்: புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடொன்றின் வாசிப்பறை. அகலம் 4.2 மீட்டர், நீளம் 5.4 மீட்டர். கூரை மெட்ராஸ் டெரஸ்: நெருக்கமாகப் பதித்த தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வாக நிறுத்திய செங்கல். படத்தின் மேல் விளிம்பில் இரண்டு கட்டைகள் மட்டும் தெரிந்தால் போதும். சுவர் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, கரண்டி இழுத்த மெல்லிய அலைகள் பக்கவெளிச்சத்தில் தெரிகின்றன. தரை சிவப்பு ஆக்சைடு, பல வருடம் துடைத்துத் துடைத்து வந்த மங்கிய பளபளப்பு. இந்த மூன்றும் பின்னணிதான். பார்வை போய் நிற்க வேண்டியது பிரம்பிலும் இரும்பிலும்.

ஒளி: பிப்ரவரி மாதக் காலை எட்டரை மணி. இடது பக்கக் கிழக்கு ஜன்னலிலிருந்து மட்டும் வெயில், தரையிலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில். மின்விளக்கு எதுவும் எரியவில்லை.

முன்னணியில் சாய்வு நாற்காலி (கேமராவிலிருந்து 2 மீட்டர், சட்டத்தின் வலப்பக்கம், முக்கால் பக்கத் தோற்றம்)

பழைய தேக்குச் சட்டம், கரும்பழுப்பு, கால் நீட்டிப் போடும் நீண்ட கைகள். கைகளின் மேற்பரப்பு உள்ளங்கை பட்ட இடத்தில் மட்டும் வழவழத்துச் சற்று வெளிறியிருக்கிறது. பின்னல் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் புதிதாகப் போட்டது. அதனால் மரம் இருண்டும் பின்னல் வெளிர்தேன் நிறத்திலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நிறத்தில் வந்துவிட்டால் படம் பொய்யாகிவிடும்.

பின்னல் கையால் போட்டது, ஏழு கட்டப் பின்னல். நெட்டுவாக்கில் இரட்டை இழை, குறுக்குவாக்கில் இரட்டை இழை, அவற்றோடு இரண்டு திசை மூலைவிட்ட இழைகள். கடைசிக் கட்டம் ஓரப்பட்டை. இழைகளுக்கு நடுவில் சிறிய எண்கோண ஓட்டைகள். ஒரு திசை மூலைவிட்டம் நெட்டிழைகளுக்கு மேலாகவும் குறுக்கிழைகளுக்குக் கீழாகவும் போகிறது. எதிர்த்திசை மூலைவிட்டம் அதற்கு நேர்மாறு. பின்னல் பிடித்து நிற்பதே இந்த மேல்-கீழ் மாற்றத்தால்தான், ஆகவே எந்த இழையும் இன்னொன்றின் மேல் ஒட்டிவைத்ததுபோல மிதக்கக் கூடாது, எந்த இழையும் பாதியில் முடியக் கூடாது.

அளவு: இழையின் அகலம் 2.5 மிமீ, கனம் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி. சட்டத்தில் துளைகள் மையத்துக்கு மையம் 13 மிமீ இடைவெளியில். முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை சுமார் 47 செமீ அகலம், எனவே மேல் சட்டத்தில் 37 துளை. ஓரத்தில் துளை வரிசையை மூடிக்கொண்டு 5 மிமீ அகலப் பட்டை ஓடுகிறது. இரண்டு துளைக்கு ஒருமுறை மெல்லிய இழை அதைக் கீழே இழுத்துக் கட்டியிருக்கிறது. இழையின் மேல்பக்கம் பிரம்பின் தோல், இயற்கையாகவே பளபளப்பானது, வார்னிஷ் இல்லை. வெயில் படும் இழைகளில் முடிபோல மெல்லிய வெள்ளைக் கோடு மின்னுகிறது. அடிப்பக்கம் நார் தெரியும் மங்கல். ஆங்காங்கே, ஒழுங்கில்லாமல், ஒரு இழையில் கணு வந்த இடம் சற்றே கருத்த குறுக்குக் கோடாகத் தெரிகிறது.

பின்னல் இறுக்கமாக இருக்கிறது, ஆனால் கண்ணாடிபோல் தட்டையாக இல்லை. இடுப்பு விழும் இடத்தில் சுமார் 10 மிமீ பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஓட்டைகள் ஒருதுளி நீண்டு தெரிகின்றன, உடையவில்லை, தொங்கவில்லை.

நடுவில் பிரம்பு சோபா (3 மீட்டர், இடது சுவர்ப் பக்கம்)

இருவர் உட்காரும் சோபா. முதன்மைச் சட்டம் 30 மிமீ பிரம்பு, உள் ஆதாரங்கள் 18 மிமீ. இது பிரம்பு, மூங்கில் அல்ல. மூங்கில் உள்ளே பொள்ளல், கணு புடைத்து நிற்கும். பிரம்பு உள்ளே முழுக்க நார், கணு தோலில் ஒரு மெல்லிய வளையமாக மட்டும் தெரியும், கழியின் தடிமன் அங்கே மாறாது. கணுக்களுக்கு இடையே 15 முதல் 30 செமீ, ஒவ்வொரு கழியிலும் வேறு வேறு. வெட்டுமுனை தெரிகிற ஒரே இடமான பின்காலின் அடியில் நுண்துளைகள் நிறைந்த மரக்கட்டைபோன்ற பரப்பு, நடுவில் ஓட்டை கிடையாது.

கை வளையும் இடத்தில் வளைவு ஆரம் 12 செமீ. தீ காட்டி வளைத்ததால் வளைவின் உள்பக்கம் மெல்லிய சுருக்கமும், விரல் அகலத்துக்குப் பழுப்பேறிய நிழலும் இருக்கின்றன, கருகல் அல்ல. மூட்டுகள் எல்லாம் 6 மிமீ பட்டை நாரால் சுற்றியவை: எட்டிலிருந்து பத்துச் சுற்று, சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லை, நாரின் முனை சுற்றுக்குள் செருகி மறைந்திருக்கிறது. அடியில் இருக்கும் திருகு தெரியவில்லை. மெத்தை வெள்ளையும் பழுப்பும் கலந்த கைத்தறிப் பருத்தி, 8 செமீ கனம், ஒரு மூலை சற்று அமுங்கியது.

பின்னணியில் அலமாரி (4.5 மீட்டர்)

தேக்கு அலமாரி, இரட்டைக் கதவு, கதவுப் பலகைக்குப் பதிலாகப் பிரம்புப் பின்னல். இது நாற்காலியைப் போலத் துளையில் போட்டதல்ல. ஆயத்தப் பின்னல் தாளை 5 மிமீ பள்ளத்தில் அழுத்தி, மேலே வளைபிரம்புக் கீற்று அடித்துப் பொருத்தியது. ஆகவே ஓரத்தில் துளையோ கட்டுப்பட்டையோ இல்லை, சட்டத்துக்கு ஒட்டி ஒரு சன்னமான ஒரே கோடு மட்டும். இந்தத் தூரத்தில் இழைகளை எண்ண முடியாது. மெல்லிய புள்ளித் திரைபோல, பின்னால் அலமாரியின் இருட்டு தெரிகிற ஒரு தேன்நிறப் பரப்பாக மட்டும் இருக்கட்டும். கூர்மையான கட்டம் இங்கே வந்தால் அலைக்கோடுகள் கிளம்பிக் கண்ணைக் கெடுக்கும்.

ஜன்னலின் இரும்புக் கிராதி

ஜன்னல் 1.1 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம், அடிச்சட்டம் தரையிலிருந்து 60 செமீ. கொல்லன் உலையில் காய்ச்சி அடித்த இரும்பு, வார்ப்பு இல்லை, குழாய் இல்லை. 12 மிமீ சதுரக் கம்பிகள் ஒன்பது, மையத்துக்கு மையம் 11 செமீ. மூன்று கிடைப்பட்டைகள், 25 × 6 மிமீ. கம்பிகள் பட்டையில் குத்திய துளை வழியே புகுந்து செல்கின்றன, துளையைச் சுற்றிப் பட்டை லேசாகப் புடைத்திருக்கிறது. மேல் வரிசையில் மட்டும் சுருள் வேலை: 16 × 5 மிமீ பட்டையில் எதிரெதிர் சுருள்கள். சுருளின் முனை ஒரே கனத்தில் வெட்டி நிற்காமல் 5 மிமீயிலிருந்து 2 மிமீக்கு மெலிந்து உள்ளே சுழல்கிறது. சுருளும் கம்பியும் தொடும் இடங்களில் 20 மிமீ அகலக் கட்டுப்பட்டை சுற்றி இறுக்கியிருக்கிறது. வெல்டிங் குமிழ் எங்கும் இல்லை. இடமும் வலமும் உள்ள சுருள்கள் கைவேலை என்பதால் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபடுகின்றன.

மேற்பூச்சு: ஆளிவிதை எண்ணெய் தடவிச் சூட்டில் கருக்கி, மேலே மெழுகு. முழுக் கருப்பு அல்ல, பழுப்புச் சாயல் கொண்ட கரி நிறம், பளபளப்பில்லை. சம்மட்டி பட்ட சிறு தட்டைகள் பக்கவெளிச்சத்தில் மட்டும் தெரிகின்றன. ஆழமான குழிகளாகத் தெரிந்தால் அது அலங்காரக் கடைச் சரக்கு. கடற்காற்று ஊர் என்பதால், கம்பி அடிச்சட்ட மரத்தில் நுழையும் இரண்டு மூன்று இடங்களில் கட்டைவிரல் நுனி அளவுக்குத் துருக்கறை, மரத்தில் கீழ்நோக்கி வழிந்த பழுப்புக் கோடு. வேறெங்கும் துரு வேண்டாம்.

நிழல்கள்

சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகல வட்டு. அதனால் பொருளிலிருந்து தூரம் கூடக்கூட நிழலின் ஓரம் கலங்கும். கிராதியின் நிழல் ஜன்னல் அடிச்சட்டத்தில் கூர்மையாகத் தொடங்குகிறது. தரைக்கு வரும்போது ஓரம் ஒரு செமீக்கு மேல் கரைகிறது, மேல் சுருள்களின் நிழல் தரையில் மங்கிய மேகம்போலவே விழுகிறது. நாற்காலிப் பின்னலின் நிழல் தரையில் கோலமாக விழக் கூடாது. ஒளி அங்கே 80 செமீ பயணித்து வருகிறது, 2.5 மிமீ இழையின் நிழல் அதற்குள் கரைந்துவிடும். தேக்குச் சட்டத்தின் கருநிழலுக்கு நடுவே பாதி வெளிச்சமான சாம்பல் பரப்பு மட்டும். பின்னலுக்கு 3 செமீ கீழே ஓடும் குறுக்குக் கட்டையில் மட்டும் இழைகளின் நிழல் தெளிவாக, எண்ணக்கூடியதாக விழுகிறது.

வரக் கூடாதவை

மூங்கில், பிளாஸ்டிக் பிரம்பு, கூடைப் பின்னல், சதுரக் கட்ட வலை, மீன்வலைபோல் வளையும் இழை, ஒட்டுமொத்த வார்னிஷ் மினுக்கம், ஆரஞ்சு நிறம், உருகி ஒன்றோடொன்று கலந்த இழைகள், தங்க முலாம் பூசிய இரும்பு, இலைவடிவ வார்ப்பு அலங்காரம், ஜன்னல் சட்டத்தில் முடியாமல் காற்றில் நிற்கும் கம்பி, தொங்கும் செடிக்கூடை, எழுத்து, மனிதர்.

இரண்டாம் படம்: அண்மைக் காட்சி

அதே நாற்காலி, அதே ஒளி. 100 மிமீ மேக்ரோ லென்ஸ், எஃப்/11. சட்டத்தின் மேல்மூலை, 12 × 15 செமீ பரப்பு படம் முழுவதும். குறுக்கே ஒன்பது துளை இடைவெளிகள். மூலையில் மூலைவிட்ட இழைகள் இரண்டு ஒரே துளைக்குள் இறங்குகின்றன. அந்தத் துளையில் மட்டும் இழைகள் நெருக்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. ஓரப்பட்டை மூலையில் வளையாமல் முடிந்து, அடுத்த பக்கத்துப் பட்டை அதே துளையிலிருந்து தொடங்குகிறது. ஒரு இழையின் ஓரத்தில் 4 மிமீ நீளச் சிம்பு எழும்பியிருக்கிறது, அதன் நுனி மட்டும் வெயிலில் ஒளிர்கிறது. தேக்கில் துளையைச் சுற்றி எண்ணெய்க் கறையின் கருவளையம்.

திருத்தச் சுற்றுக்கு, ஒருமுறைக்கு ஒரு வரி மட்டும்

சோபாவின் கழிகளில் கணு புடைத்திருந்தால்: "சோபாவின் கழிகளை மட்டும் மாற்றவும், ஒவ்வொரு கழியும் முழு நீளத்துக்கும் ஒரே தடிமன், முதன்மைச் சட்டம் 30 மிமீ, உள் ஆதாரங்கள் 18 மிமீ, கணு நிற வளையம் மட்டும், புடைப்பு இல்லை."

நாற்காலிப் பின்னல் சதுர வலையாக வந்தால்: "சாய்வு நாற்காலியின் பின்னல் பரப்பை மட்டும் மாற்றவும், நெட்டிலும் குறுக்கிலும் இரட்டை இழை, இரண்டு மூலைவிட்டம், எண்கோண ஓட்டை, மேல் விளிம்பில் 37 துளை."

கிராதி கனத்துத் தெரிந்தால்: "ஜன்னல் கம்பிகளை மட்டும் மெலிதாக்கவும், கம்பியின் அகலம் இரு கம்பிகளுக்கு இடையேயான வெளியில் எட்டில் ஒரு பங்கு."