ஒற்றுப்பிழை திருத்தம்: பயிற்சித்தாள்
பத்தாம் வகுப்பு, தமிழ் இலக்கணம்

செவ்வாய்க்கிழமை வகுப்பில் வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று கரும்பலகை நிறைய எழுதினோம். அந்த விதிகளையே இங்கே வாக்கியங்களுக்குள் வைத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துக் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதை எழுதும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. பாதி இடங்களில் அது கைகொடுக்கும், மீதிப் பாதியில் காலை வாரும். இரண்டு சொற்களுக்கும் நடுவே என்ன உறவு என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் ஒற்று வேண்டுமா வேண்டாமா என்பதும் தெரிந்துவிடும்.

திருத்தத்துக்கு 1 மதிப்பெண், காரணத்துக்கு 2. எட்டு வாக்கியங்களுக்கும் சேர்த்து 24. சிலவற்றில் இரண்டு பிழைகள் உண்டு. ஒன்றில் பிழையே இல்லை. அதற்கும் காரணம் எழுத வேண்டும். இரண்டாம் பகுதியை மடித்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பகுதி 1: திருத்தி எழுதுக

1. மாமா ரேஷன் கடைக்கு போய் அரிசி வாங்கி வந்தார்.
2. அக்கா சென்னையில் வேலைத் தேடுகிறாள்.
3. பரணில் இருந்த பழையப் பெட்டியைத் திறந்தோம்.
4. தாத்தா கடிதத்தைப் படித்து பார்த்துவிட்டு அஞ்சலகத்துக்கு நடந்துப் போனார்.
5. செங்கம் பகுதியில் நடுக்கற்கள் நிறைய உண்டு.
6. வெற்றிலை பாக்குத் தட்டைத் தாத்தாவிடம் கொடு.
7. இந்த குளம் முன்பு இதுப்போல வறண்டதில்லை.
8. பாட்டியின் தீராதத் தலைவலிக்கு மருந்து வாங்கக் கடைக்குச் சென்றேன்.

பகுதி 2: திருத்தமும் விளக்கமும்

1. கடைக்குப் போய். நான்காம் வேற்றுமை உருபு ‘கு’ வெளிப்படையாக வந்தால் அடுத்து வரும் வல்லினம் மிகும். இதில் தவறினால் வருத்தப்படுவேன்.

2. வேலை தேடுகிறாள். ‘வேலையைத் தேடுகிறாள்’ என்பதில் ஐ உருபு தெரிகிறது, ஒற்று மிகுகிறது. உருபு மறைந்து இரண்டாம் வேற்றுமைத் தொகையானால் மிகாது. இங்கே ஒற்றைப் போட்டால் பொருளே மாறிவிடும். ‘வேலைத் தேடுகிறாள்’ என்றால் வேல் + ஐ; அக்கா முருகன் கையில் இருக்கும் வேலைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று ஆகும்!

3. பழைய பெட்டியை. ‘பழைய’ குறிப்புப் பெயரெச்சம். பெரிய, சிறிய, புதிய எல்லாம் இதே இனம். இவற்றின் பின் மிகாது. ஆனால் ‘புதுப் பெட்டி’ பண்புத்தொகை, அங்கே மிகும். புதிய பெட்டி, புதுப் பெட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

4. படித்துப் பார்த்துவிட்டு, நடந்து போனார். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். இரண்டும் வினையெச்சம், இரண்டும் ‘து’ என்றே முடிகின்றன. பிறகு ஏன் ஒன்றில் மட்டும் ஒற்று? கடைசி ‘து’வுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். படித்து: முன்னால் த், வல்லினம். ஆகவே வன்தொடர்க் குற்றியலுகரம், மிகும். நடந்து: முன்னால் ந், மெல்லினம். ஆகவே மென்தொடர்க் குற்றியலுகரம், வினையெச்சமாக வரும்போது மிகாது. கேட்டுக் கொண்டான், எடுத்துக் கொடுத்தான் முதல் வகை. வந்து சேர்ந்தான், இருந்து பார்த்தான் இரண்டாம் வகை. ‘செய்து பார்த்தான்’ என்பதில் முன்னால் இடையினம், அங்கும் மிகாது.

5. நடுகற்கள். நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என்று முக்காலத்துக்கும் பொருந்துவதால் ‘நடுகல்’ வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று மிகாது: ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர். ‘நடுக்கல்’ என்றால் நடுவில் உள்ள கல். போரில் இறந்த வீரனுக்கு நட்ட கல்லை, ஓர் எழுத்தைக் கூட்டி, வெறும் நடுவில் கிடக்கும் கல்லாக்கிவிடாதீர்கள்.

6. பிழை இல்லை. ‘வெற்றிலை பாக்கு’ வெற்றிலையும் பாக்கும் என விரியும் உம்மைத்தொகை, மிகாது. ‘பாக்கு’ வன்தொடர்க் குற்றியலுகரப் பெயர், அதனால் ‘பாக்குத் தட்டு’. ‘தட்டைத் தாத்தாவிடம்’ என்பதில் ஐ உருபு வெளிப்படையாக இருக்கிறது. இதைத் திருத்தியவர்கள் ‘வெற்றிலைப் பாக்கு’ என்று எழுதியிருப்பீர்கள்.

7. இந்தக் குளம், இதுபோல. அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின் மிகும். அது, இது, எது என்பவற்றின் பின் மிகாது. இரண்டும் சுட்டு, வினாச் சொற்கள்தாமே என்று ஒன்றாகக் கட்டிவிடக் கூடாது.

8. தீராத தலைவலிக்கு. ‘தீராத’ எதிர்மறைப் பெயரெச்சம், மிகாது. அதன் கடைசி ‘த’ கெட்டு ‘தீரா’ என்று நின்றால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், மிகும்: தீராத் தலைவலி, செல்லாக் காசு. ஆக, இரண்டில் எதை எழுதினாலும் முழு மதிப்பெண். ‘வாங்கக் கடைக்கு’ சரியானதே. ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தின் பின் மிகும். அதையும் சேர்த்துத் திருத்தியவர்களுக்குத் திருத்த மதிப்பெண் கிடையாது.

‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்று வகுப்பில் கேட்டீர்கள். இரண்டுக்கும் வாதாடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் ‘வாழ்த்துகள்’ பக்கம்; தேர்விலும் அப்படியே எழுதுங்கள். அதனால்தான் அதை இந்தத் தாளில் சேர்க்கவில்லை.

தவறிய வாக்கியங்களுக்கு மட்டும், அதே விதியில் சொந்தமாக இரண்டு வாக்கியங்கள் எழுதி வெள்ளிக்கிழமை முதல் பாடவேளையில் கொடுங்கள்.