படத்தில் பொருளைச் சேர்ப்பதும் நீக்குவதும்: புகைப்பட மன்றப் பாடத் திட்டம்

வகுப்பு: 9, 10. மாணவர்கள்: 16 பேர், இருவருக்கு ஒரு கணினி. நேரம்: 80 நிமிடம். மென்பொருள்: கிம்ப்.

இந்த வகுப்பு முடியும்போது ஒவ்வொரு மாணவரும் ஒரு பொருளை நீக்கியும் ஒரு பொருளைச் சேர்த்தும் பார்த்திருக்க வேண்டும். செய்த மாற்றத்தைப் பார்ப்பவருக்கு ஒரே வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "எடிட் செய்வதே தப்பு" என்ற எண்ணத்தோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. எடிட் செய்த படத்தை என்ன பெயரில் காட்டுகிறோம் என்பதில்தான் நேர்மை இருக்கிறது.

முதல் 15 நிமிடம்: இரண்டு படங்கள்

கால்வாய்க் கரையில் சோவியத் தலைவர் ஸ்டாலினும் யெஷோவும் அருகருகே நிற்கும் படத்தைத் திரையில் காட்டவும். அடுத்து, யெஷோவ் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர் மட்டும் தெரியும் படம். யெஷோவ் சோவியத் ரகசியப் போலீஸின் தலைவராக இருந்தவர். 1940-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பதவி பறிபோன பிறகு படத்திலிருந்தும் அவரை எடுத்துவிட்டார்கள். கணினி இல்லாத காலத்தில், கையாலேயே செய்த வேலை இது.

அப்புறம் நேஷனல் ஜியோகிராபிக் இதழின் 1982 பிப்ரவரி அட்டை. அகலமான படத்தை நெட்டையான அட்டையில் அடக்குவதற்காக கீசா பிரமிடுகளை நெருக்கி வைத்தார்கள். இங்கே யாரையும் அழிக்கவில்லை, கெட்ட நோக்கமும் இல்லை. ஆனாலும் பெரிய சர்ச்சை ஆனது. "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கவும். பதிலை நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். "இது நிஜ இடம் என்று நம்பித்தானே பார்க்கிறோம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அங்கிருந்தே பேச்சைத் தொடரலாம்.

அடுத்த 35 நிமிடம்: கைவேலை

பள்ளி விளையாட்டு விழாவில் எடுத்த ஓட்டப் பந்தயப் படத்தைக் கொடுக்கவும். நான்கு பேர் ஓடுகிறார்கள். ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டி. படத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

முதல் வேலை, Layer > Duplicate Layer. மூலப் படத்தின் மேல் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. பிறகு Clone கருவியை எடுத்து, Ctrl அழுத்தியபடி தொட்டிக்குப் பக்கத்துப் புல்லைச் சொடுக்கி, தொட்டியின் மேல் தீட்ட வேண்டும். ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே போனால் அதே புல்கற்றை திரும்பத் திரும்ப வரும். மாதிரி எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றச் சொல்லவும். Heal கருவியால் விளிம்பைச் சரிசெய்யலாம்.

பெரும்பாலானவர்கள் தொட்டியை எடுத்துவிட்டு அதன் நிழலை விட்டுவிடுவார்கள். உடனே திருத்த வேண்டாம். பக்கத்து ஜோடியிடம் படத்தைக் கொடுத்து, "இங்கே என்ன இருந்தது?" என்று கண்டுபிடிக்கச் சொல்லவும். பொருள் போனாலும் அது விழுத்திய நிழலும் பிரதிபலிப்பும் மிஞ்சும் என்பது இப்படித்தான் மனதில் பதியும்.

சேர்க்கும் பயிற்சிக்கு, வேறொரு படத்திலிருந்து ஒரு பந்தை வெட்டி எடுத்துத் தரையில் வைக்கவும். வெயில் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம், பந்தின் விளிம்பு மற்றதைவிடக் கூர்மையாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லவும். வெட்டி எடுக்கும் படம் மாணவர் தாமே எடுத்ததாக இருக்கட்டும். அடுத்தவர் படமென்றால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

20 நிமிடம்: விவாதம்

குப்பைத்தொட்டியை எடுத்தாயிற்று. அதே கருவியால் நான்காவதாக ஓடும் மாணவரையும் எடுத்துவிடலாமா? சுவரில் மாட்டும் அழகுப் படத்துக்கு? பள்ளி இதழின் செய்திக்கு? அந்த மாணவரே "என்னை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால்?

இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரம் கொடுக்கவும். என் கருத்து இது: அவர் கேட்டால் அந்தப் படத்தையே விட்டுவிட்டு வேறு படம் போடலாம், மூன்று பேர்தான் ஓடினார்கள் என்று காட்டக் கூடாது. மாணவர்கள் இதற்கு மாறாக வாதாடினால் வாதாடட்டும்.

செய்திப் படத்தில் குப்பைத்தொட்டியும் இருக்கத்தான் வேண்டும். 2014-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு புகைப்படக்காரரோடு உறவை முறித்துக்கொண்டதைச் சொல்லவும். சிரியாவில் எடுத்த போர்ப் படத்தின் மூலையிலிருந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவை அவர் நீக்கியிருந்தார். மூலையில் கிடந்த பொருள்தான், ஆனாலும் வேலை போனது. வெளிச்சத்தைக் கூட்டுவது, ஓரத்தை வெட்டுவது வேறு வகை. ஆனால் ஓரத்தை வெட்டியும் ஓர் ஆளை மறைக்கலாம் என்பதை நினைவூட்டவும்.

கடைசி 10 நிமிடம்: குறிப்பு எழுதுதல்

ஒவ்வொருவரும் தம் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டும். "படம் திருத்தப்பட்டது" என்று எழுதினால் போதாது. "இடப்பக்கம் இருந்த குப்பைத்தொட்டி நீக்கப்பட்டது, பந்து வேறு படத்திலிருந்து சேர்க்கப்பட்டது" என்று எழுதினால்தான் பார்ப்பவருக்குப் பயன். குறிப்பு படத்தின் மீதே இருப்பது நல்லது. பகிரும்போது தனியாக எழுதியது கழன்றுபோகும்.

மதிப்பீடு 10 மதிப்பெண்: கைத்திறனுக்கு 4, குறிப்பின் தெளிவுக்கு 4, மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் 2. நிழலை மறந்துவிட்டு, குறிப்பைச் சரியாக எழுதிய மாணவருக்குத் தாராளமாகவே போடவும்.

வீட்டுப்பாடம்: தம்முடைய பழைய படம் ஒன்றில் எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது என்று யோசித்து, காரணத்தோடு அரைப் பக்கம் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.