செப்டம்பர் 15 வரை நேரம் இருக்கிறது: இந்த வாரமே தாள்களை எடுத்து வைத்துவிடுங்கள்

கரூர் மக்களுக்கு வணக்கம். 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை வந்த வருமானத்துக்கு, கணக்குத் தணிக்கை தேவைப்படாதவர்கள் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள் 2025 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. வழக்கமாக ஜூலை 31தான் கடைசி நாள். இந்த ஆண்டு படிவங்களில் மாற்றம் நிறைய என்பதால், மத்திய நேரடி வரிகள் வாரியம் மே மாதமே தேதியைத் தள்ளிவைத்தது. இன்று 2025 ஆகஸ்ட் 18. முழுதாக நான்கு வாரம் கையில் இருக்கிறது.

ரிட்டர்ன் போட அரை மணி நேரம் போதும். நாள் எடுப்பது தாள் சேர்ப்பதும், ஒன்றோடொன்று பொருந்தாத தொகையைச் சரிசெய்வதும்தான். பழைய கம்பெனியில் ஃபார்ம் 16 கேட்டால் வர ஒரு வாரம் ஆகும். வங்கியில் பெயர்த் திருத்தம் என்றால் இரண்டு நடை. அதனால்தான் இப்போதே சொல்கிறோம்.

முதலில், பலரும் கேட்கும் ஒரு சந்தேகம். "12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொல்லிட்டாங்களே, நான் எதுக்குத் தாக்கல் செய்யணும்?" அந்தச் சலுகை 2025 ஏப்ரலுக்குப் பிறகு வரும் வருமானத்துக்கு. இப்போது தாக்கல் செய்வது அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கு. இதில் புதிய வரி முறையில் நிகர வருமானம் 7 லட்சம் வரை வரி வராது. சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய் இருப்பதால், மொத்தச் சம்பளம் 7,75,000 வரை வரி இல்லை. ஆனால் வரி இல்லை என்பதும் ரிட்டர்ன் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. புதிய முறையில் வருமானம் 3 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட வேண்டும். அதற்குக் கீழே இருந்தாலும் ஆண்டுக்குக் கரண்ட் பில் 1 லட்சத்துக்கு மேல் கட்டியவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்கள், டிடிஎஸ் 25,000 ரூபாயோ அதற்கு மேலோ பிடிக்கப்பட்டவர்கள் (மூத்த குடிமக்களுக்கு 50,000) தாக்கல் செய்தாக வேண்டும். வங்கியில் டிடிஎஸ் பிடித்து, ஆனால் வரி வராத நிலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் திரும்பி வர இதுதான் வழி.

அடுத்தது, நடுவில் வேலை மாறியவர்கள். கரூர், திருப்பூர் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனிகளில் இது சகஜம். செப்டம்பர் வரை ஓரிடத்தில் மாதம் 60,000 ரூபாய் சம்பளம், அக்டோபரிலிருந்து இன்னோரிடத்தில் 90,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனி 12 மாதத்துக்குக் கணக்குப் போட்டு 7,20,000தான் வருகிறது என்று வரி பிடிக்கவில்லை. இரண்டாவது கம்பெனிக்கு முந்தைய சம்பளம் தெரியாது. தங்களிடம் வாங்கிய 5,40,000க்கு வரி இல்லை என்று அவர்களும் பிடிக்கவில்லை. இரண்டையும் கூட்டினால் 9,00,000. கழிவு போக 8,25,000. 3 முதல் 7 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 5 சதவீதம், 20,000. மீதி 1,25,000க்கு 10 சதவீதம், 12,500. மொத்தம் 32,500, அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 33,800 ரூபாய். யார் மேலும் தப்பில்லை, இரண்டு பேருமே தங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொகைக்கு ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீதம், அதாவது 338 ரூபாய் வட்டி ஓடுகிறது. ஆண்டுக்குள் முன்வரியைத் தவணைப்படி கட்டாததற்கான வட்டி தனி. ஆகஸ்டிலேயே கட்டினால் செப்டம்பர் மாதத்து 338 மிச்சம்.

இப்படிக் கட்டும்போது சலானில் ஒரு கட்டத்தைக் கவனியுங்கள். மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று இருக்க வேண்டும். வரி வகை Self-Assessment Tax (300). வருமானம் வந்தது 2024-25இல் என்பதால் பலர் அதையே மதிப்பீட்டு ஆண்டாகத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பணம் போய்விடும், ரிட்டர்னில் காட்டாது. திருத்த வழி உண்டு, ஆனால் அதற்கும் நாள் பிடிக்கும்.

இனி ஏஐஎஸ். உங்கள் பான் எண்ணில் பதிவான வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, நிலப் பதிவு எல்லாம் இருக்கும் அறிக்கை இது. incometax.gov.in தளத்தில் உள்நுழைந்து Services மெனுவில் Annual Information Statement என்பதை அழுத்தினால் திறக்கும். சம்பளத்தை மட்டும் காட்டி வங்கி வட்டியை விட்டுவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் குறை. வேண்டுமென்று செய்வதில்லை, டிடிஎஸ் பிடிக்காததால் கணக்கில் வராது என்று நினைத்துவிடுகிறார்கள். சேமிப்புக் கணக்கின் 3,200 ரூபாய் வட்டிகூட அங்கே SFT-016 என்ற தலைப்பில் இருக்கும்.

பங்கு விற்றவர்கள் ஏஐஎஸ் பார்த்துக் கலங்க வேண்டாம். அங்கே 6,40,000 என்று இருந்தால் அது விற்ற மொத்தத் தொகை, லாபம் அல்ல. 6,25,000க்கு வாங்கியிருந்தால் லாபம் 15,000தான். சரியான கணக்கு உங்கள் புரோக்கர் ஆப்பில் Tax P&L என்ற பெயரில் கிடைக்கும்; அந்த எக்செல் கோப்பை அனுப்பினால் போதும். ஒரே வட்டி இரண்டு முறை பதிவாகியிருந்தாலோ, உங்களுடையது அல்லாத தொகை வந்திருந்தாலோ, அந்த வரியிலேயே Feedback கொடுத்துத் திருத்தலாம்.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்தில் இந்த ஆண்டு 2024 ஜூலை 23 என்ற தேதி முக்கியம். அதற்கு முன் விற்றதில் வந்த குறுகிய கால லாபத்துக்கு 15 சதவீதம், அன்றும் அதற்குப் பிறகும் விற்றதற்கு 20. நீண்ட கால லாபத்துக்கு 10 என்பது 12.5 ஆனது, 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை. படிவத்தில் இரண்டையும் பிரித்துத்தான் கேட்கிறார்கள். நஷ்டம் வந்தவர்கள்தான் இந்தத் தேதியைக் கட்டாயம் பிடிக்க வேண்டியவர்கள் என்பது எங்கள் எண்ணம். குறுகிய கால நஷ்டம் 80,000 என்றால், செப்டம்பர் 15க்குள் தாக்கல் செய்தால் அதை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். அடுத்த ஆண்டு அதே அளவு குறுகிய கால லாபம் வந்தால் 16,000 ரூபாய் வரி மிச்சமாகும். தேதி தாண்டினால் அந்த உரிமை போய்விடும். எஃப் அண்ட் ஓ நஷ்டத்துக்கும் இதே விதிதான். அதற்கு ஐடிஆர் 3 போட வேண்டும், ஐடிஆர் 2 செல்லாது.

இடம், வீடு விற்றவர்கள் மூலப் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கி, அன்றோ அதற்குப் பிறகோ விற்றிருந்தால், பணவீக்க உயர்வைக் கழித்து 20 சதவீதமா, கழிக்காமல் 12.5 சதவீதமா என்று இரண்டையும் போட்டுப் பார்த்துக் குறைவான வரியைக் கட்டலாம்.

பழைய வரி முறை வேண்டும் என்பவர்களும் இந்தத் தேதிக்குள் வர வேண்டும். கம்பெனியில் புதிய முறை என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், சம்பளக்காரர்கள் ரிட்டர்னில் பழைய முறைக்கு மாறலாம். வீட்டுக் கடன், வாடகைப் படி, எல்ஐசி மூன்றும் இருப்பவர்களுக்குப் பல நேரம் அதுதான் லாபம். ஆனால் இந்த ஆண்டு தொகையை மட்டும் எழுதினால் படிவம் ஏற்காது: பாலிசி எண், இன்சூரன்ஸ் நிறுவனப் பெயர், கடன் தந்த வங்கி, கடன் கணக்கு எண் எல்லாம் வேண்டும். கடை, தொழில் வருமானம் உள்ளவர்கள் தனியாக 10-IEA படிவமும் இதே தேதிக்குள் போட வேண்டும்.

ஏதோ காரணத்தால் செப்டம்பர் 15 தவறிவிட்டால்? டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்குள் என்றால் 1,000. வரி பாக்கி இருந்தால் மாதம் 1 சதவீத வட்டி கூடும். பழைய முறையும் நஷ்டத்தைக் கொண்டுபோகும் வசதியும் இருக்காது. அவ்வளவுதான், ஊரில் சொல்வதுபோல உடனே வீட்டுக்கு ஆள் வருவதெல்லாம் இல்லை.

தாங்களே போட்டுக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: Submit அழுத்தியதோடு முடிவதில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ நெட் பேங்கிங் மூலமோ சரிபார்க்க வேண்டும். ஆதாரில் உள்ள மொபைல் எண் பழையது என்றால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். ரீஃபண்ட் வரும் வங்கிக் கணக்கு தளத்தில் Validated என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். வங்கி இணைந்து ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தாலோ, பானில் "முருகேசன் கே" என்றும் பாஸ்புக்கில் "கே முருகேசன்" என்றும் இருந்தாலோ சிலருக்கு நின்றுவிடுகிறது. ரீஃபண்ட் தருகிறோம் என்று மெசேஜில் வரும் லிங்கை மட்டும் தொடாதீர்கள். துறை உங்களிடம் ஓடிபியோ பின் நம்பரோ கேட்காது.

எங்களிடம் வருபவர்கள் கொண்டுவர வேண்டியவை: பான், ஆதார், ஓடிபி வரும் போன், எல்லாக் கம்பெனியின் ஃபார்ம் 16, எல்லா வங்கிக் கணக்கின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஸ்டேட்மென்ட், டெபாசிட் வட்டிச் சான்று, பங்கு இருந்தால் அந்த எக்செல். பழைய முறை என்றால் கழிவுக்கான ரசீதுகள். ஏதாவது இல்லையென்றாலும் வாருங்கள், எங்கே கேட்பது என்று சொல்கிறோம்.

கட்டணம்: சம்பளம், பென்ஷன், வட்டி மட்டும் என்றால் 800 ரூபாய். பங்கு விற்பனை, இடம் விற்பனை இருந்தால் 2,000 முதல். கடை, தொழில் ஐடிஆர் 4 என்றால் 1,800. ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று நாங்கள் வாங்குவதில்லை. கட்டாத பிரீமியத்தை எழுதி ரீஃபண்டைக் கூட்டித் தருவதும் இல்லை. அது நாளை உங்கள் பேரில்தான் நோட்டீஸாக வரும். தாக்கல் செய்யும் முன் முழுக் கணக்கையும் உங்களுக்குக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகே அனுப்புவோம். பாஸ்வேர்டை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. வேலை முடிந்ததும் நீங்களே மாற்றிவிடலாம்.

திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் இரவு 7 வரை அலுவலகம் திறந்திருக்கும். 27ஆம் தேதி விநாயகர் சதுர்த்திக்கு விடுமுறை. வர முடியாதவர்கள் இந்தப் பக்கத்தின் இன்பாக்ஸில் "ஐடிஆர்" என்று எழுதுங்கள். உங்கள் வருமான வகையை மட்டும் கேட்டுவிட்டு, எந்தப் படிவம், என்னென்ன தாள் வேண்டும் என்று அன்றே பதில் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. பான், ஆதார் எண்ணை மட்டும் கமெண்டில் போட்டுவிடாதீர்கள்.