நேற்று படிக்கட்டில் மீட்டர் போர்டு விஷயமாகப் பேசியது பற்றி

அங்கிள், வணக்கம். ஜி1-லிருந்து எழுதுகிறேன். குரூப்பில் போடாமல் உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன், ஏனென்றால் நான் குரல் உயர்த்தியது உங்களிடம்தான்.

"மாடியில இருக்கறவங்களுக்குத் தண்ணி வந்தா என்ன தெரியும்" என்று நான் கேட்டிருக்கவே கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியே மிதந்தபோது, கைக்குழந்தையோடு நாங்கள் மூன்று ராத்திரி தூங்கியது உங்கள் ஹாலில். ஆன்ட்டி கேஸ் தீர்ந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்துக் குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். அதை மறந்துவிட்டு அப்படிச் சொன்னேன். சொன்ன உடனே உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன், ஆனாலும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். மன்னித்துவிடுங்கள்.

மீட்டர் போர்டைச் சீக்கிரம் உயரத்துக்கு மாற்ற வேண்டும் என்பதில் மட்டும் என் எண்ணம் மாறவில்லை. அந்தப் புயலில் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர், எட்டு மீட்டரும் முழுகிப் போயின. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் வேலை முடிய வேண்டும் என்ற பதற்றம்தான் என்னை அப்படிப் பேச வைத்தது.

சண்டைக்கு நடுவில் நாம் ஒத்துக்கொண்டதும் இருக்கிறது. எனக்குப் புரிந்த வரையில், போர்டைத் தரையிலிருந்து ஆறடி உயரத்துக்கு ஏற்றுகிறோம். மீட்டரில் சீல் இருப்பதால் நாமாகத் தொடக் கூடாது, ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவது என் பொறுப்பு. எலக்ட்ரீஷியன் சொன்ன 64,000 ரூபாயில் பாதியைச் சங்க நிதியிலிருந்து எடுக்க நீங்கள் சம்மதித்தீர்கள், மீதி நிதி பெயின்ட் வேலைக்கு அப்படியே இருக்க வேண்டும் என்றீர்கள், அதுவும் எனக்குச் சரிதான். இன்னொரு எலக்ட்ரீஷியனிடமும் விலை கேட்கச் சொன்னீர்கள், கேட்கிறேன்.

மீதி 32,000 பற்றித்தான் குழப்பம். "கீழ் வீட்டுக்காரங்க பார்த்துக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதை, முழுப் பணத்தையும் கீழ் வீடு இரண்டும் கொடுக்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன், கோபம் வந்தது அங்கேதான். வேலை நடக்கும்போது கூட நின்று பார்த்துக்கொள்ளட்டும் என்ற அர்த்தத்தில் சொன்னதாக ஆன்ட்டி காலையில் என் மனைவியிடம் சொன்னார்களாம். அப்படியென்றால் நான் தப்பாகக் கேட்டிருக்கிறேன், தாராளமாக நின்று பார்த்துக்கொள்கிறேன். பணத்தைத்தான் சொன்னீர்கள் என்றாலும் நேரடியாகச் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன். எட்டு வீட்டுக்கும் சமமாக, வீட்டுக்கு 4,000 என்று போடலாம் என்பது என் யோசனை. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யட்டும், அதுவரை யாரிடமும் தொகை பேச மாட்டேன்.

இதில் எதையாவது மாற்றி எழுதியிருந்தால் திருத்துங்கள் அங்கிள். நீங்கள் சரி என்ற பிறகுதான் குரூப்பில் போடுவேன். நேரில் பேசலாம் என்று தோன்றினால் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், நானே மேலே வருகிறேன்.