பொருள்: தரக்கட்டுப்பாட்டு மேலாளர் பணிக்கான இறுதி நேர்காணலின் முடிவு

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் பணிக்காக, கோபிசெட்டிபாளையத்திலிருந்து இரண்டு முறை திருப்பூருக்கு வந்து நேர்காணலில் கலந்துகொண்டமைக்கு நன்றி. இறுதிச் சுற்றில் இருந்த இருவரில் மற்றவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு வாரத்தில் முடிவைச் சொல்வதாகக் கூறிவிட்டுப் பதினொரு நாட்கள் தங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டுகிறேன்.

இந்த முடிவு எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. துவைத்த டி-சர்ட் ஒன்றை மேசையில் வைத்து என்ன குறை என்று நாங்கள் கேட்டபோது, தாங்கள் அதை மடித்து, பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பியிருப்பதைக் காட்டி, தைத்தவரைக் குறை சொல்வதற்கு முன் நூலின் முறுக்கையும் காம்பாக்டிங் செய்த விதத்தையும் பார்க்க வேண்டும் என்றீர்கள். சிங்கிள் ஜெர்சி துணியில் இந்தக் கோணல் எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்தவர்கள்கூட, அவசரத்தில் தையல் பிரிவின் மீதுதான் பழியைப் போடுகிறார்கள். ஜி.எஸ்.எம். பார்க்க ரோலின் ஓரத்தில் மட்டும் வெட்டாமல் நடுவிலும் வெட்டி எடை போட வேண்டும் என்று தாங்கள் சொன்னதை எங்கள் செக்கிங் பிரிவில் இப்போதே நடைமுறைப்படுத்தியிருக்கிறோம். அதற்கும் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காரணத்தையும் மறைக்காமல் சொல்வதே முறை. இந்தப் பணிக்கு வருபவர், ஆடைப் பிரிவோடு பெருந்துறையில் உள்ள எங்கள் சாயப் பிரிவையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது. சாயக்கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையுடன் நடத்தப்படும் பிரிவு அது. 2011ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாட்களைப் பார்த்த எங்களால், அதில் அனுபவத்தை இரண்டாம்பட்சமாக வைக்க முடியவில்லை. தேர்வானவர் பல ஆண்டுகள் சாயப்பட்டறையிலேயே பணிபுரிந்தவர். அந்த வேலையில் தங்களுக்குப் பழக்கம் இல்லை என்பதைத் தாங்களே நேர்காணலில் வெளிப்படையாகச் சொன்னீர்கள். அந்த நேர்மையை மிகவும் மதிக்கிறோம். முடிவு இந்த ஒன்றினால்தான் அமைந்தது, வேறு எந்தக் குறையினாலும் அல்ல.

தாங்கள் கொண்டுவந்த துணி மாதிரிகளும் பரிசோதனை அறிக்கைக் கோப்பும் கூரியரில் இன்று அனுப்பப்பட்டுள்ளன. சம்பளச் சீட்டு நகல்களை எங்கள் கோப்பிலிருந்து அழித்துவிட்டோம். பயணச் செலவுத் தொகை இவ்வார இறுதிக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் சேரும். ஆடைப் பிரிவுக்கு மட்டுமான பணியிடம் ஏற்பட்டால் தங்களை அழைக்க விரும்புகிறோம்; எப்போது ஏற்படும் என்று இப்போது உறுதி கூற இயலாததால், வேறு நல்ல வாய்ப்பு வந்தால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேர்காணல் குறித்து மேலும் பேச விரும்பினால் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கள், நானே தொலைபேசியில் அழைக்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,

மேலாளர், மனிதவளப் பிரிவு
அவினாசி சாலை, திருப்பூர்