தினசரி ஆர்டர் எண்ணிக்கையில் திடீர் சரிவு: எச்சரிக்கை விதி

நடைமுறைக்கு வரும் நாள்: 1 செப்டம்பர் 2025, திங்கட்கிழமை
பொருந்துவது: ஈரோடு கிடங்கிலிருந்து அனுப்பப்படும் மரச்செக்கு எண்ணெய், சிறுதானியம், மஞ்சள் உள்ளிட்ட அனைத்து இணைய ஆர்டர்களுக்கும்
பொறுப்பு: அன்றைய பணிமுறையில் உள்ள செயல்பாட்டுப் பொறுப்பாளர்

நோக்கம்

ஒரு நாளின் ஆர்டர் எண்ணிக்கை வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கு வெளியே கீழிறங்கினால், மறுநாள் காலை 6:15 மணிக்குள் அது பொறுப்பாளரின் கைபேசிக்குத் தெரிய வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம். மாதக்கணக்கில் மெல்லத் தேயும் விற்பனையைக் கண்டறிவது இதன் வேலையன்று. அதற்கு வாராந்தரக் கூட்டம் இருக்கிறது.

இதுவரை இருந்த "முந்தைய நாளைவிட 20% குறைந்தால் எச்சரிக்கை" என்ற விதி இன்றுடன் நீக்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை சராசரியாக 471 ஆர்டர்களும் திங்கட்கிழமை 412 ஆர்டர்களும் வருகின்ற கடையில், எதுவும் பழுதாகாமலேயே திங்களன்று 12.5% குறைவு ஏற்படுகிறது. அதன்மேல் அன்றாட ஏற்ற இறக்கமும் சேரும்போது, ஏறத்தாழ நான்கில் ஒரு திங்கட்கிழமை அந்தப் பழைய விதி காரணமின்றி ஒலிக்கும். காரணமின்றி ஒலிக்கும் எச்சரிக்கையை ஒரு மாதத்துக்குள் எவரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

எதை எண்ணுகிறோம்

இந்திய நேரப்படி நள்ளிரவு 00:00 முதல் அடுத்த நள்ளிரவு வரை, பணம் செலுத்தி முடிந்த ஆர்டர்களும் கேஷ் ஆன் டெலிவரியாக ஏற்கப்பட்ட ஆர்டர்களும் எண்ணப்படும். பின்னர் ரத்தான ஆர்டரும் அது பதிவான நாளின் கணக்கிலேயே இருக்கும். இல்லையெனில் பழைய நாட்களின் எண்கள் தினந்தோறும் மாறிக்கொண்டே இருக்கும். சோதனை ஆர்டர்கள் சேரா.

```sql
SELECT (placed_at AT TIME ZONE 'Asia/Kolkata')::date AS day,
       count(*) AS orders
FROM orders
WHERE placed_at IS NOT NULL AND NOT is_test
GROUP BY 1 ORDER BY 1;
```

இவ்வினவலில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். நேர மண்டலத்தைக் குறிப்பிடும் பகுதியை எவரேனும் நீக்கினால், நமது தரவுத்தளம் சர்வதேசப் பொது நேரத்தில் இயங்குவதால், ஒவ்வொரு நாளும் காலை 5:30 மணிக்குத் தொடங்கியதாகக் கணக்காகிவிடும். இரண்டாவது இன்னும் ஆபத்தானது: ஓர் ஆர்டர்கூட வராத நாளுக்கு இவ்வினவல் எந்த வரியையும் தராது, ஆகவே மிக மோசமான சரிவே எச்சரிக்கையிலிருந்து தப்பிவிடக்கூடும். வரி இல்லாத நாளை 0 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரம்பைக் கணக்கிடும் முறை

அடிப்படைக் காலம் 8 வாரங்கள், அதாவது 56 நாட்கள். முதல் கணக்கீட்டுக்கு 7 ஜூலை முதல் 31 ஆகஸ்ட் 2025 வரையிலான நாட்கள் எடுக்கப்பட்டன. சுதந்திர தினச் சலுகை நடந்த ஆகஸ்ட் 15, விநாயகர் சதுர்த்தியான ஆகஸ்ட் 27 ஆகிய இரு நாட்கள் மட்டும் விலக்கப்பட்டு, அவற்றுக்கு ஈடாக ஜூலை 4 வெள்ளியும் ஜூலை 2 புதனும் சேர்க்கப்பட்டன.

முதலில் ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனியே 8 வாரச் சராசரி காணப்படும். பிறகு ஒவ்வொரு நாளின் ஆர்டர் எண்ணிக்கையும் அந்தக் கிழமையின் சராசரியால் வகுக்கப்பட்டு விகிதமாக மாற்றப்படும். இதனால் ஞாயிறும் செவ்வாயும் ஒரே அளவுகோலுக்கு வந்துவிடுகின்றன. வழக்கமான நாள் எதுவாயினும் அதன் விகிதம் 1-ஐச் சுற்றியே இருக்கும். அடுத்தடுத்த இரு நாட்களின் விகிதங்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டைக் குறி பாராமல் எடுத்தால் கிடைப்பது நகரும் வீச்சு. அந்த வீச்சுகளின் சராசரியை 2.66-ஆல் பெருக்கி 1-இலிருந்து கழித்தால் சிவப்பு வரம்பு, 1.77-ஆல் பெருக்கிக் கழித்தால் மஞ்சள் வரம்பு.

```python
base = base.sort_values("day")
base["ratio"] = base.orders / base.groupby("weekday").orders.transform("mean")
mr = base.ratio.diff().abs().mean()
red = round(1 - 2.66 * mr, 2)
yellow = round(1 - 1.77 * mr, 2)
```

2.66 என்பது 3-ஐ 1.128-ஆல் வகுத்தால் வருவது, 1.77 என்பது 2-ஐ அதே எண்ணால் வகுத்தால் வருவது. சராசரி நகரும் வீச்சை 1.128-ஆல் வகுத்தால் அன்றாடச் சிதறலின் திட்ட விலக்கம் மதிப்பீடாகக் கிடைக்கும். சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத் தொலைவில் வரம்பிடும் வழக்கம் வால்டர் ஷூவார்ட்டிடமிருந்து வருகிறது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1924-இல், தொழிற்சாலை உற்பத்தியின் தரத்தைக் கண்காணிப்பதற்காக அவர் கட்டுப்பாட்டு வரைபடத்தை முன்வைத்தார்.

திட்ட விலக்கத்தை 56 நாட்களிலிருந்து நேரடியாகவே கணக்கிடலாமே என்ற கேள்வி எழும். அடிப்படைக் காலத்தின் நடுவில் விற்பனை ஒரு படி ஏறியோ இறங்கியோ இருந்தால், அந்தப் படியும் சிதறலாகவே எண்ணப்பட்டு வரம்பு தேவைக்கு மேல் அகன்றுவிடும். நகரும் வீச்சில் அப்படி ஏறிய ஒரு நாள் மட்டுமே பெரிய எண்ணைத் தரும், மற்றவை பாதிக்கப்படா. எண்ணிக்கைத் தரவுக்குச் சராசரியின் வர்க்கமூலத்தைத் திட்ட விலக்கமாகக் கொள்ளும் எளிய சூத்திரமும் நமக்கு உதவாது. நாளுக்கு 400 ஆர்டர் என்றால் அது 20, அதாவது 5% என்று சொல்லும். நமது உண்மையான சிதறலோ 8%-க்கு மேல். மழை, சம்பளத் தேதி, விளம்பரச் செலவு என எல்லா வாடிக்கையாளர்களையும் ஒருசேர அசைக்கும் காரணங்கள் இருக்கையில், ஆர்டர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வருகின்றன என்ற அனுமானம் நிற்காது. அச்சூத்திரத்தின்படி வரம்பிட்டால் மாதத்துக்கு ஒருமுறையாவது வீணாக ஒலிக்கும்.

செப்டம்பர் மாதத்துக்கான வரம்புகள்

சராசரி நகரும் வீச்சு 0.094. ஆகவே சிவப்பு வரம்பு 0.75, மஞ்சள் வரம்பு 0.83.

திங்கள்: சராசரி 412, சிவப்பு 309
செவ்வாய்: சராசரி 388, சிவப்பு 291
புதன்: சராசரி 380, சிவப்பு 285
வியாழன்: சராசரி 386, சிவப்பு 289.5
வெள்ளி: சராசரி 405, சிவப்பு 303.75
சனி: சராசரி 448, சிவப்பு 336
ஞாயிறு: சராசரி 471, சிவப்பு 353.25

320 ஆர்டர் வந்த செவ்வாய் சிவப்பாகாது, மஞ்சள் வரம்புக்குச் சற்றுக் கீழே மட்டும் நிற்கும். அதே 320 ஞாயிறன்று வந்தால் சிவப்பு.

விதி

சிவப்பு: ஒரு நாளின் விகிதம் சிவப்பு வரம்புக்குக் கீழ் இருந்தால் உடனே எச்சரிக்கை அனுப்பப்படும்.

மஞ்சள்: கடைசி மூன்று நாட்களில் ஏதேனும் இரண்டின் விகிதம் மஞ்சள் வரம்புக்குக் கீழ் இருந்தால், எதுவும் சிவப்பைத் தொடாவிட்டாலும், எச்சரிக்கை அனுப்பப்படும். தனியாக ஒரு நாள் மட்டும் மஞ்சளுக்குக் கீழ் வந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

தொடர்ந்து எட்டு நாட்கள் சராசரிக்குக் கீழ் இருப்பது போன்ற மேலதிக விதிகள் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. ஒவ்வொரு விதி கூடும்போதும் பொய் எச்சரிக்கையும் கூடும். மேல் வரம்பும் இல்லை. ஆர்டர் திடீரென உயர்ந்தால் கிடங்கே முதலில் சொல்லிவிடும்.

இவ்விதியால் எதைப் பிடிக்க முடியும் என்பதில் தெளிவு வேண்டும். 40% சரிவை முதல் நாளிலேயே ஏறக்குறைய நிச்சயமாகப் பிடிக்கும். 25% சரிவை முதல் நாளில் பிடிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 15% சரிவு பெரும்பாலும் முதல் நாளில் தப்பிவிடும், ஏனெனில் அந்த அளவு அசைவு நம் கடையில் இயல்பாகவே நிகழ்கிறது. வரம்பை இறுக்கினால் 15% சரிவையும் பிடிக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. அதற்கு ஈடாக எத்தனை காலை வேளைகளில் வீணாக எழுப்பப்படச் சம்மதம் என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும். கிழமைச் சராசரி வெறும் 8 நாட்களிலிருந்து வருவதால், ஏட்டளவிலான மூன்று திட்ட விலக்க வரம்பைவிட நமது வரம்பு ஏற்கெனவே சற்று நெருக்கமாகவே இருக்கிறது.

எச்சரிக்கைச் செய்தியின் வடிவம்

"சிவப்பு: 14 செப்டம்பர் 2025, ஞாயிறு. ஆர்டர் 320. இக்கிழமையின் சராசரி 471. விகிதம் 0.68, வரம்பு 0.75. கடைசி ஆர்டர் பதிவான நேரம் இரவு 11:52. காலை 7 மணிக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதிலளிக்கவும்."

கடைசி ஆர்டரின் நேரம் செய்தியில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அது இரவு 10 மணிக்கு முந்தையதாக இருந்தால், செய்தியின் தலைப்பு "சிவப்பு" என்பதற்குப் பதிலாக "தரவு முழுமையா எனப் பார்க்கவும்" என்று மாறும். விற்பனை குறையாமலேயே தரவு வந்து சேராததால் எண் குறைவது அடிக்கடி நடப்பது.

பொறுப்பாளர் செய்ய வேண்டியவை

தரவு முழுமையானது என உறுதியான பின், முந்தைய நாளின் ஆர்டர்களை மணிவாரியாகப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட மணியிலிருந்து எண்ணிக்கை அறுந்து விழுந்திருந்தால் அது பெரும்பாலும் பழுது: யுபிஐ கட்டணம் தோல்வியடைவது, செயலியின் புதிய பதிப்பில் கூடைப் பக்கம் திறக்காதது, விளம்பரக் கணக்கில் பணம் தீர்ந்தது. நாள் முழுவதும் ஒரே சீராகக் குறைந்திருந்தால், அதிகம் விற்கும் பொருட்களின் இருப்பையும் விலையையும் பார்க்க வேண்டும். ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் இருப்பில் இல்லையென்றால் அதனோடு சேர்ந்து போகும் மற்றப் பொருட்களும் போகா. குறைவு ஒரே மாவட்டத்தில் குவிந்திருந்தால் கூரியர் சேவை நிறுத்தமோ வானிலையோ காரணமாகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசி இணைப்பும் நின்றது போன்ற நாட்களில் எச்சரிக்கை ஒலிப்பதே சரி. அதை முன்கூட்டியே அணைத்துவைக்கக் கூடாது.

கண்டறிந்த காரணத்தை அன்று மாலைக்குள் பதிவேட்டில் ஒரு வரியாக எழுத வேண்டும். காரணம் கிடைக்கவில்லை என்றால் "கிடைக்கவில்லை" என்றே எழுத வேண்டும். அடுத்த கணக்கீட்டில் எந்த நாளை விலக்குவது என்பது இந்த வரியை வைத்தே முடிவாகும்: காரணம் தெரிந்த நாட்கள் மட்டுமே அடிப்படையிலிருந்து விலக்கப்படும். காரணம் தெரியாத நாள், எவ்வளவு குறைவாக இருந்தாலும், உள்ளேயே இருக்கும். பிடிக்காத எண்களையெல்லாம் நீக்கினால் வரம்பு இறுகிக்கொண்டே போகும்.

பண்டிகைக் காலம்

தீபாவளி 20 அக்டோபர் 2025 அன்று வருவதால், அக்டோபர் 10 முதல் 23 வரை இவ்வரம்புகள் பொருந்தா. அந்த 14 நாட்களுக்கு, தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு அல்லது பின்பு என்ற கணக்கில் சென்ற ஆண்டின் நாளோடு ஒப்பிட வேண்டும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31 என்பதால் தேதிக்குத் தேதி ஒப்பிடுவது பிழையாகும். சென்ற ஆண்டின் அந்த நாளில் பாதிக்கும் குறைவாக வந்தால் சிவப்பு. இது கட்டுப்பாட்டு வரம்பன்று, வெறும் தோராயமே. ஒரே ஓர் ஆண்டின் தரவை வைத்து இதைவிட நுட்பமாகச் செல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். போகி முதல் காணும் பொங்கல் வரையிலான நாட்களுக்கும் இதுவே நடைமுறை.

மறுகணக்கீடு

வரம்புகள் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் மட்டும், அதற்கு முந்தைய 56 தகுதியான நாட்களிலிருந்து புதுப்பிக்கப்படும். தினந்தோறும் புதுப்பித்தால் சரிவே அடிப்படைக்குள் நுழைந்து வரம்பைத் தன்னோடு கீழே இழுத்துவிடும். புதிய விற்பனைத் தளம் சேர்வது போல நிலையான மாற்றம் நேர்ந்தால், மாற்றத்துக்குப் பிந்தைய 28 நாட்கள் சேர்ந்ததும் அவற்றைக் கொண்டு மட்டும் தற்காலிக வரம்பு இடப்படும். அதுவரை பழைய வரம்பே தொடரும், அது காலத்துக்கு ஒவ்வாதது என்ற குறிப்பு எச்சரிக்கைச் செய்தியிலேயே இடம்பெறும். அடுத்த மறுகணக்கீடு: 1 அக்டோபர் 2025, புதன்கிழமை.