பாராளுமன்றத் தேர்தலை முன்னிட்டு மட்டக்களப்பு மாவட்ட மதத் தலைவர்களின் கூட்டறிக்கை

மட்டக்களப்பு
2024 நவம்பர் 3

அன்புக்குரிய மாவட்ட மக்களுக்கும், வேட்பாளர்களுக்கும், அவர்களின் ஆதரவாளர்களுக்கும்,

எதிர்வரும் 14ஆம் திகதி வியாழக்கிழமை நடைபெறவுள்ள பாராளுமன்றத் தேர்தலில், கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு ஆகிய மூன்று தொகுதிகளையும் கொண்ட எமது மாவட்டம் ஐந்து உறுப்பினர்களைத் தெரிவுசெய்யவுள்ளது. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது, யாருக்கு விருப்பு வாக்கை இடுவது என்பது வாக்காளர் ஒவ்வொருவரும் தமது மனச்சாட்சிப்படி எடுக்க வேண்டிய முடிவு என்பதால் அதில் நாம் தலையிடப் போவதில்லை. தேர்தல் முடிந்த பின்னரும் ஒரே வீதியில், ஒரே சந்தையில், அடுத்தடுத்த வயல்களில் வாழப்போகும் மக்களிடையே கைகலப்பும் பகையும் மூண்டுவிடக் கூடாதே என்ற கவலையில்தான், இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம், பௌத்தம் ஆகிய நான்கு மதங்களையும் சேர்ந்த நாம் ஒன்றாக அமர்ந்து பேசி இவ்வறிக்கையை வெளியிடுகிறோம்.

கடந்த மாதம் நடந்த ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். இரு சமூகத்தவரும் மதிலுக்கு மதில் ஒட்டி வாழும் ஒரு வீதியில், மாலை நேரம் ஒரு மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் உரசிக்கொண்டன. ஓட்டோவின் பின்புறம் ஒரு வேட்பாளரின் சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்தது. அரை மணித்தியாலத்துக்குள் "எங்கட பொடியன அடிச்சுப் போட்டாங்கள், எல்லாரும் வாங்கோ" என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது. கடைகள் இழுத்து மூடப்பட்டன. இரு பக்கமும் இளைஞர்கள் கூடிவிட்டனர். அன்று ஒரு மௌலவியும் ஒரு குருக்களும் ஒரே மோட்டார் சைக்கிளில் வைத்தியசாலைக்குப் போய், முழங்காலில் சிராய்ப்போடு உட்கார்ந்திருந்த அந்தப் பையனை நேரில் பார்த்து, அவன் வாயாலேயே நடந்ததைச் சொல்ல வைத்து அதைப் பதிவுசெய்து அனுப்பிய பிறகுதான் கூட்டம் கலைந்தது. அந்த இடத்தின் பெயரை வேண்டுமென்றே இங்கே தவிர்க்கிறோம். குரல் பதிவை அனுப்பியவர் சம்பவ இடத்தில் இருக்கவே இல்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

இத்தகைய ஒரு பொறி இந்த மாவட்டத்தில் எவ்வளவு தூரம் பரவக்கூடும் என்பதை எமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் முதியோரும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர். 2005இல் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, இந்நகரின் புனித மரியாள் ஆலயத்துக்குள்ளேயே மக்கள் பிரதிநிதி ஒருவர் சுடப்பட்டு உயிரிழந்தார். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலையை முடித்துவிட்டு வெளியே நின்ற சிறுவர்களும் பலியானார்கள். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு சமூகத்தின் தனித் துயரமாகவே நினைவுகூரப்பட்டு வருகிறது. நாம் நால்வகைப்பட்டோரும் இம்முறை ஒரே மேசையில் இருந்து இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தோம். சொல்லி முடித்தபோது எம்மில் எவருக்கும் உடனே பேச வாய் வரவில்லை. இந்த இழப்புகளில் எதையும், எந்த மேடையிலும், வாக்குக் கேட்பதற்காக எடுத்தாள வேண்டாம் என்று வேட்பாளர்கள் அனைவரையும் மன்றாடிக் கேட்கிறோம்.

காணிப் பிரச்சினைகளும், பிரதேச எல்லைகள் பற்றிய முரண்பாடுகளும், மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் பண்ணையாளர்கள் படும் பாடும் உண்மையானவை. அவற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்று நாம் சொல்லவில்லை, பேசத்தான் வேண்டும். ஆனால் கோரிக்கையைச் சொல்பவர் அதற்கான தீர்வையும் சொல்லட்டும். அயலிலுள்ள சமூகத்தைச் சுட்டிக்காட்டி "இவர்களால்தான்" என்று முடிக்கும் பேச்சு, மாடு மேய்க்கும் ஒருவருக்கும் ஒரு பிடி புல்லைத் தராது.

விருப்பு வாக்கு முறையில் ஒரே கட்சியின் வேட்பாளர்களே ஒருவரோடொருவர் மோதிக்கொள்வதையும் ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம். சுவரொட்டியைக் கிழிப்பதும், அலுவலகத்துக்குக் கல்லெறிவதும், இரவில் ஆட்களை அனுப்பி மிரட்டுவதும் பெரும்பாலும் ஒரே ஊருக்குள், சில வேளை ஒரே குடும்பத்துக்குள் நடக்கின்றன. வேட்பாளர்களே, உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் கையோங்கினால், அதற்கு நீங்களும் பொறுப்பாளி என்றே மக்கள் எண்ணுவார்கள். அவரை அன்றே அழைத்துக் கண்டியுங்கள். உங்கள் ஆட்களுக்கு மதுபானம் வாங்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள். கைகலப்புகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எம் பங்குக்கு நாமும் சிலவற்றை வாக்குறுதியாகத் தருகிறோம். எமது ஆலயங்களிலும், பள்ளிவாசல்களிலும், தேவாலயங்களிலும், விகாரைகளிலும் எந்த வேட்பாளருக்கும் மேடையோ ஒலிபெருக்கியோ கொடுக்கப்பட மாட்டாது. வழிபட வருபவரை வரவேற்போம். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்ள மாட்டோம். மத நம்பிக்கையைக் காட்டி வாக்காளரை வற்புறுத்துவதைத் தேர்தல் சட்டமும் குற்றமாகவே கருதுகிறது. அதைச் செய்பவர் எம்மில் ஒருவராக இருந்தாலும் நாம் அவருக்காகப் பரிந்துபேச மாட்டோம். பதற்றமான செய்தி எதுவும் வந்தால், எமது ஒலிபெருக்கியில் ஒரு சொல் ஒலிக்கும் முன்னர், அது தொடர்பான மற்றச் சமூகத்தின் மதத் தலைவரோடு பேசி உறுதிப்படுத்துவோம். இதற்காக எமது தொலைபேசி எண்களைப் பிரதேச ரீதியாகப் பரிமாறிக்கொண்டுள்ளோம். நள்ளிரவிலும் அழைப்பை எடுப்பதென்று உடன்பட்டுள்ளோம்.

பிரசாரம் 11ஆம் திகதி நள்ளிரவோடு ஓய்கிறது. அதன் பின்னரான நாட்கள் அமைதியாகக் கழிய வேண்டும். வாக்களிப்பு நாளன்று காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை, முதியோரும் கர்ப்பிணித் தாய்மாரும் அச்சமின்றி வரிசையில் நின்று வாக்களிக்க இளைஞர்கள் வழிவிட்டு உதவுங்கள். வாக்களிப்பிலோ வாக்கெண்ணும் நிலையத்திலோ ஏதேனும் முறைகேடு நடந்ததாகக் கருதினால், தேர்தல் அலுவலகத்துக்கும் பொலிஸாருக்கும் எழுத்தில் முறையிடுங்கள். வீதியில் தீர்ப்பு வழங்க வேண்டாம்.

முடிவுகள் வெளிவரும் 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை பௌர்ணமி தினம். அன்று சிவாலயங்களில் ஐப்பசி அன்னாபிஷேகம், பள்ளிவாசல்களில் ஜும்ஆத் தொழுகை, விகாரைகளில் போயா வழிபாடு என எமது மக்களில் பெரும்பகுதியினர் ஒரே நாளில் வெள்ளை உடையில் வீதியில் இறங்குவார்கள். ஆகையால் அன்றைய தினம் வெற்றி ஊர்வலமும், பட்டாசும், வழிபாட்டுத்தலங்களின் முன்னால் ஒலிபெருக்கி வாகனமும் வேண்டாம் என்று வெற்றிபெறும் தரப்பினரைக் கேட்டுக்கொள்கிறோம். தோற்றவரின் வீட்டு வாசலில் ஒரு வெடி போட்டு மகிழ்வது சிறிய விடயமாகத் தோன்றலாம். அந்த வீட்டின் பிள்ளைகள் அதை நெடுங்காலம் மறக்க மாட்டார்கள். தோல்வியடைந்தவர்கள், தமக்கு வாக்களிக்காத ஊரையோ சமூகத்தையோ குறிவைத்துப் பேசுவதைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 14ஆம், 15ஆம் திகதி இரவுகளில் உங்கள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். அவர்களின் கைபேசியில் வரும் குரல் பதிவை உடனே மற்றவருக்கு அனுப்பாமல், முதலில் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள்.

பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருக்கும் காலம் இது. படுவான்கரையில் ஒருவரது வயலுக்கு மற்றவரது வாய்க்காலால்தான் தண்ணீர் போகிறது. அந்த வாய்க்கால் எந்தக் கட்சிக்காரருக்காகவும் அடைக்கப்படாமல் இருக்க வேண்டும் என்று, தமது தெய்வத்தை வேண்டி, இங்கே ஒப்பமிடுகிறோம். இவ்வறிக்கை 8ஆம் திகதி ஜும்ஆவுக்குப் பின்னரும், அன்று மாலை ஆலயப் பூசைகளின் முடிவிலும், 10ஆம் திகதி ஞாயிறு வழிபாட்டிலும், அன்று விகாரைகளில் மாலைப் பூசையின்போது சிங்களத்திலும் வாசிக்கப்படும்.

மட்டக்களப்பு மாவட்ட இந்துக் குருமார் சார்பில்
மட்டக்களப்பு மாவட்ட உலமாக்கள் சார்பில்
மட்டக்களப்பு மாவட்டக் கத்தோலிக்கக் குருக்கள் சார்பில்
மட்டக்களப்பு மாவட்டத் திருச்சபைகளின் போதகர்கள் சார்பில்
மட்டக்களப்பு மாவட்டப் பௌத்த பிக்குமார் சார்பில்